எழும்பூர் டிக்கெட்டில் செங்கல்பட்டில் ஏறினால் பெர்த் இருக்குமா?

"பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூரிலிருந்து மதுரைக்கு நாலு பேருக்கு ஒரே டிக்கெட்டாக ஸ்லீப்பர் எடுத்திருக்கிறோம். வீடு சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் என்பதால் நாங்கள் மூணு பேர் செங்கல்பட்டில் ஏறிக்கொள்ளலாம் என்று பார்க்கிறோம். தம்பி மட்டும் எழும்பூரிலேயே ஏறுவான். முழுப் பணமும் கட்டியாச்சு, ரெண்டு ஸ்டேஷன் தாண்டும்வரை பெர்த்தை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். நிஜமா?"

அந்த இரண்டு ஸ்டேஷன் கணக்கை நம்பிப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். டிக்கெட்டில் ஏறுமிடம் என்று எந்த ஸ்டேஷன் இருக்கிறதோ, அங்கே நீங்கள் வரவில்லை என்றால் பெர்த்தை அடுத்தவருக்குக் கொடுக்க ரயில்வேக்கு உரிமை உண்டு. மதுரை வரை பணம் கட்டியிருப்பது அந்த உரிமையைத் தடுக்காது. ஆனால் ஏறுமிடத்தை முன்கூட்டியே செங்கல்பட்டு என்று மாற்றிவிட்டால் பெர்த்துக்கு ஆபத்தில்லை, அதற்குத் தனிக் கட்டணமும் கிடையாது. உங்கள் விஷயத்தில் சிக்கல் தம்பியால்தான் வருகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டின் மேல்பகுதியில் மூன்று ஊர்ப் பெயர்கள் இருக்கும்: Booked From, Boarding At, To. நிறையப் பேர் முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். கட்டணம் கணக்கிடுவது Booked From ஊரிலிருந்து. டி.டி.இ. உங்களைத் தேடுவது Boarding At ஊரில். இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. நீங்கள் எதையும் மாற்றாமல் புக் செய்திருந்தால் இரண்டிலும் எழும்பூர்தான் இருக்கும்.

இனி அன்று ராத்திரி பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். டி.டி.இ. கையில் இப்போது பெரும்பாலும் காகித சார்ட் இல்லை, டேப்லெட் மாதிரியான கையடக்கக் கருவிதான். அதில் ஒவ்வொரு பெர்த்துக்கும் பெயர், வயது, ஏறும் ஸ்டேஷன், இறங்கும் ஸ்டேஷன் இருக்கும். உங்களுக்கு எஸ் 7 பெட்டியில் 17, 18, 19, 20 என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு பக்கத்தின் கீழ், நடு, மேல் பெர்த்களும் எதிரே உள்ள கீழ் பெர்த்தும். அதே தடுப்பில் வழிக்கு அந்தப் பக்கம் 23, சைடு லோயர். அதில் ஆர்.ஏ.சி. டிக்கெட்காரர்கள் இரண்டு பேர் காலை மடக்கி எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு முழுக்க அப்படியே உட்கார்ந்து மதுரை போகாமல் எங்காவது ஒரு பெர்த் காலியாகுமா என்பதுதான் அவர்கள் கவலை. ரயில் எழும்பூரை விட்டுப் புறப்பட்டதும், எதிரே இருக்கும் 17, 18, 20 மூன்றும் காலியாக இருப்பது முதலில் அவர்கள் கண்ணில்தான் படும்.

டி.டி.இ. உங்கள் தடுப்புக்கு வருகிறார். 19-இல் இருக்கும் தம்பி தன் அடையாள அட்டையைக் காட்டுகிறான், வந்துவிட்டார் என்று பதிவாகிறது. மற்ற மூன்று பெர்த்தையும் பார்க்கிறார். ஏறுமிடம் எழும்பூர், ஆள் இல்லை. வரவில்லை என்று பதிவு செய்தால் கதை முடிந்தது. காலியான பெர்த் ஆர்.ஏ.சி. பட்டியலில் முதலில் இருப்பவருக்குப் போகும். அந்தக் காலத்தில் காகிதத்தில் பேனாவால் ஒரு அடி அடித்து, பக்கத்தில் இன்னொரு பெயரை எழுதுவார்கள். தவறு என்றால் அதை அடித்துவிட்டுத் திருப்பித் தரவும் முடிந்தது. இப்போது கருவியில் வரிசைப்படி அடுத்தவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எஸ் 3-இல் இருக்கும் யாரோ ஒருவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் 20-க்கு வந்து படுத்திருப்பார். அவரிடம் இருப்பதும் முறையான ஒதுக்கீடு. செங்கல்பட்டில் நீங்கள் ஏறி அவரை எழுப்பினால் அவர் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எழுத்தில் உள்ள விதி இதைவிடக் கண்டிப்பானது. ரயில் புறப்படும் நேரத்துக்கு 10 நிமிடம் முன்பாகவே பயணி தன் இடத்துக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் காலகாலமாக இருந்து வருவது. நடைமுறையில் யாரும் 10 நிமிடக் கணக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. அப்புறம் ஏன் இரண்டு ஸ்டேஷன் என்ற பேச்சு வந்தது? ஒரு டி.டி.இ.க்கு ஒரு பெட்டி மட்டும் இருப்பதில்லை. மூன்று நான்கு பெட்டிகளை ஒருவரே பார்க்கும்போது, முதல் பெட்டியில் ஆரம்பித்துக் கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் ஒன்றிரண்டு ஸ்டேஷன் தானாகவே தாண்டிவிடும். தவிர, கூட்டத்தில் வேறு பெட்டியில் ஏறி நடந்து வருபவர்களுக்காகக் கொஞ்சம் பொறுப்பதும் நல்ல டி.டி.இ.க்களின் வழக்கம். இந்தத் தாமதமும் பொறுமையும் சேர்ந்துதான் ஜனங்கள் வாயில் ஒரு விதியாகிவிட்டது. உங்கள் பெட்டி அவருடைய வரிசையில் கடைசி என்றால் தப்பித்தீர்கள். முதலாவது என்றால் தாம்பரம் வருவதற்கு முன்பே வேலை முடிந்திருக்கும். எது முதல், எது கடைசி என்று நமக்குத் தெரியாது.

எழும்பூரிலிருந்து தாம்பரத்துக்கு எக்ஸ்பிரஸ் வண்டி ஏறத்தாழ அரை மணியில் போய்விடும், செங்கல்பட்டுக்கு மொத்தம் ஒரு மணி நேரம் பிடிக்கும். தாம்பரம்வரை பெர்த் பிழைத்திருக்க ஓரளவு வாய்ப்பு உண்டு. செங்கல்பட்டு என்றால், அதுவும் பொங்கல், தீபாவளி நேரத்தில் ஆர்.ஏ.சி. பட்டியல் நீண்டு கிடக்கும்போது என்றால், பிழைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாற்றும் வழி. ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உள்ளே நுழைந்து, My Transactions பகுதியில் Booked Ticket History திறந்து, அந்த டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தால் Change Boarding Point என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் அந்த ரயில் போகும் வழியில் உள்ள ஸ்டேஷன்களின் பட்டியல் வரும். செங்கல்பட்டைத் தேர்ந்தெடுத்து உறுதி செய்தால், பதிவு செய்த கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அதோடு விடாமல் டிக்கெட்டை மறுபடி திறந்து Boarding At என்ற இடத்தில் CGL என்று மாறியிருக்கிறதா பாருங்கள். எழும்பூர் என்றால் MS, தாம்பரம் TBM, செங்கல்பட்டு CGL. கவுன்டரில் எடுத்த டிக்கெட் என்றால், டிக்கெட்டோடு முன்பதிவு மையத்துக்கே போய் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்வது எளிது.

இதைச் செய்ய வேண்டிய நேரம் முக்கியம். முதல் சார்ட் தயாராவதற்கு முன் முடித்துவிடுவதே பாதுகாப்பு. வெகுகாலம் அந்த சார்ட் ரயில் புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்புதான் தயாரானது, அதனால் மத்தியானம் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ராத்திரி வண்டிக்கு ஏறுமிடத்தை மாற்ற முடிந்தது. 2025 ஜூலையில் அதைக் குறைந்தது 8 மணி நேரம் முன்பு என்று ஆக்கினார்கள், பிறகு இன்னும் முன்னே தள்ளினார்கள். அதனால் பழைய பழக்கத்தில் சாயங்காலம்வரை ஒத்திப்போடாதீர்கள். முதல் நாளே மாற்றிவிட்டால் மணிக்கணக்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மாற்றிய பிறகு அதே பெட்டிக்குள் என்ன நடக்கும்? டி.டி.இ. எஸ் 7-க்கு வருகிறார், 20 காலி, ஆனால் அவர் கருவியில் ஏறுமிடம் செங்கல்பட்டு என்று இருக்கிறது. அதற்கு முன்னால் உங்களை வரவில்லை என்று குறிக்க அவருக்குக் காரணமே இல்லை. செங்கல்பட்டுவரை யாராவது அதில் உட்கார்ந்திருக்கலாம், நீங்கள் வந்ததும் எழுந்துவிட வேண்டியதுதான். உங்கள் கணக்கு செங்கல்பட்டில்தான் தொடங்குகிறது.

இதற்கு விலை ஒன்று உண்டு. எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுவரை நீங்கள் பயணம் செய்யாவிட்டாலும் அந்தப் பகுதிக்கான பணம் திரும்பி வராது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இது: மாற்றிய பிறகு பழைய ஸ்டேஷனில் ஏறும் உரிமை போய்விடுகிறது. "அன்றைக்கு எழும்பூர் பக்கம் ஒரு வேலை, அங்கேயே ஏறிவிட்டேன்" என்று சொன்னால், எழும்பூரிலிருந்து செங்கல்பட்டுவரை டிக்கெட் இல்லாமல் வந்ததாகத்தான் கணக்கு. அந்தத் தூரத்துக்கான கட்டணத்தோடு அபராதமும் கட்ட வேண்டும். அபராதம் குறைந்தது 250 ரூபாய், ஒவ்வொருவருக்கும். மதுரைவரை முழுப் பணம் கட்டிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அபராதம் கட்டுவது அநியாயமாகத் தோன்றும். எனக்கும் இந்த விதியில் முழு உடன்பாடு இல்லை. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. மறுபடி எழும்பூருக்கே மாற்றிக்கொள்ளலாமே என்றும் நினைக்காதீர்கள். புக் செய்த பிறகு ஏறுமிடத்தை ஒருமுறைதான் மாற்றலாம். அதனால் முடிவு செய்துவிட்டு மாற்றுங்கள்.

சரி, தம்பி விஷயம். ஏறுமிட மாற்றம் ஒரு பி.என்.ஆர். எண்ணில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துத்தான் நடக்கும். மூன்று பேருக்குச் செங்கல்பட்டு, ஒருவருக்கு எழும்பூர் என்று பிரிக்க முடியாது. ஆகவே நீங்கள் மாற்றினால், எழும்பூரில் ஏறும் தம்பி மேலே சொன்ன அபராதத்தில் சிக்குவான். மாற்றாவிட்டால், நீங்கள் மூன்று பேரும் வரவில்லை என்று குறிக்கப்படும் ஆபத்து.

இதற்கு இரண்டு வழிதான் எனக்குத் தெரிகிறது. முதலாவது, நான் சொல்வது: மொத்தமாகச் செங்கல்பட்டுக்கு மாற்றிவிட்டு, தம்பியை மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்கு வரச் சொல்லுங்கள். எழும்பூரிலிருந்து நேராகவே செங்கல்பட்டு வண்டி இருக்கிறது, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பாண்டியன் எழும்பூரை விட்டுக் கிளம்புவது இரவு ஒன்பதரை மணிக்கு மேல் என்பதால், அவன் எட்டு மணிக்குள் மின்சார ரயில் பிடித்தால் நிதானமாக வந்து சேரலாம். டிக்கெட் விலையும் சொற்பம்.

இரண்டாவது, எதையும் மாற்றாமல் தம்பி எழும்பூரிலேயே ஏறி, டி.டி.இ. வந்தவுடன் அல்லது அவரைத் தேடிப்போய், "சார், கூட இருக்கிற மூணு பேரும் செங்கல்பட்டில் ஏறுகிறார்கள்" என்று சொல்வது. ஒரே பி.என்.ஆரில் ஒருவர் வந்திருக்கும்போது பெரும்பாலான டி.டி.இ.க்கள் ஒத்துக்கொள்வார்கள், குழந்தைகளோ வயதானவர்களோ வருகிறார்கள் என்றால் இன்னும் இளகுவார்கள். ஆனால் இது அவருடைய பெருந்தன்மை, உங்கள் உரிமை அல்ல. எதிரே 23-இல் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, மூன்று பெர்த்தை ஒரு மணி நேரம் காலியாக வைத்திருக்க அவர் மறுத்தால், தம்பி ஒன்றும் செய்ய முடியாது. மதுரைக்கு ஐந்தாறு மணி நேரம் தூங்கிப் போக வேண்டிய மூன்று பேருக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். அடுத்த முறை புக் செய்யும்போது வேறு வேறு ஊரில் ஏறுகிறவர்களுக்குத் தனித்தனி டிக்கெட் எடுங்கள். புக் செய்யும் திரையிலேயே ஏறுமிடத்தைத் தேர்ந்தெடுக்க வசதி இருக்கிறது, அங்கேயே செங்கல்பட்டு என்று கொடுத்துவிடலாம்.

இன்னும் தெற்கே தள்ளி ஏறுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை. சில வண்டிகளில் நடுவழி ஊர்களுக்குத் தனி ஒதுக்கீடு, அதில் இடம் குறைவு. அதனால் திருச்சியில் ஏறுகிறவர்கள்கூட எழும்பூரிலிருந்தே புக் செய்துவிட்டு, ஏறுமிடம் திருச்சி என்று போடுகிறார்கள். அது முறையான வழிதான். அதில் தேதி மட்டும் குழப்பும். பாண்டியன் 10-ஆம் தேதி இரவு எழும்பூரில் கிளம்பினால், திருச்சிக்கு வருவது 11-ஆம் தேதி விடியற்காலை. எழும்பூரிலிருந்து புக் செய்யும்போது 10 என்று கொடுக்க வேண்டும், திருச்சியிலிருந்தே புக் செய்தால் 11 என்று கொடுக்க வேண்டும். இதை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் முன்னதாகவோ பின்னதாகவோ பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் உண்டு. ஒரு நாள் கழித்து வருகிறவருடைய பெர்த்தில் முந்தின இரவே வேறொருவர் தூங்கிப் போயிருப்பார்.

திடீரென்று மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். சார்ட் தயாராகிவிட்டது, ஏறுமிடம் எழும்பூர்தான், நீங்கள் கிண்டியில் நெரிசலில் நிற்கிறீர்கள், வண்டி கிளம்ப 20 நிமிடம்தான் இருக்கிறது. அப்போது எழும்பூரை நோக்கிப் போவதை விட்டுவிட்டு நேராகத் தாம்பரத்துக்குப் போங்கள். எழும்பூருக்குப் போய் வண்டியைத் தவறவிட்டு, பின்னாலேயே மின்சார ரயிலில் துரத்துவது பலிக்காது. அது ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போகும், எக்ஸ்பிரஸைத் தாம்பரத்தில் பிடிக்க முடியாது. தாம்பரத்தில் எந்த முன்பதிவுப் பெட்டி எதிரே நிற்கிறதோ அதில் ஏறிக்கொண்டு உள்ளேயே நடந்து போங்கள். பெர்த்தில் போய்ப் பையை வைப்பதைவிட டி.டி.இ.யைக் கண்டுபிடித்து, அடையாள அட்டையைக் காட்டி, வந்துவிட்டேன் என்று பதிவு செய்யச் சொல்வதுதான் அப்போது முதல் வேலை. யாராவது உறவினரோ நண்பரோ அதே வண்டியில் முன்னாலேயே ஏறியிருந்தால், அவரை போனில் பிடித்து உங்கள் பெட்டி டி.டி.இ.யிடம் சொல்லச் சொல்லுங்கள். ரயில்வே உதவி எண்ணான 139-க்கு போன் செய்வதால் அந்த நேரத்தில் பெர்த் நிற்காது.

அதற்குள் பெர்த் போயிருந்தால், அதில் படுத்திருப்பவரிடம் சண்டை போடுவதில் பயனில்லை. மதுரைவரை டிக்கெட் இருப்பதால், டிக்கெட் இல்லாதவராக உங்களை நடத்தவும் முடியாது. வேறு பெர்த் ஏதாவது காலியாக இருக்கிறதா என்று டி.டி.இ.யிடம் கேளுங்கள். சார்ட் வந்த பிறகு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் CHARTS / VACANCY என்ற பக்கத்தில் எந்தப் பெட்டியில் எந்த பெர்த் எந்த ஊர்வரை காலி என்று நாமே பார்க்கலாம். "எஸ் 4-இல் 31 விழுப்புரத்திலிருந்து காலி என்று காட்டுகிறதே" என்று எண்ணோடு கேட்டால், அவரும் சட்டென்று பார்த்துச் சொல்லிவிடுவார்.

கடைசியாகப் பணம். நீங்கள் ஏறவே இல்லை, வரவில்லை என்று குறிக்கப்பட்டுவிட்டீர்கள் என்றால், உறுதியான டிக்கெட்டுக்குப் பணம் திரும்ப வராது. சார்ட் தயாரான பிறகு ஆன்லைன் டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது. பணத்தைத் திரும்பக் கேட்டு TDR என்ற கோரிக்கையைப் பதிவு செய்யலாமே என்பார்கள். நம்முடைய சொந்தக் காரணத்தால் போகவில்லை என்றால் அதில் ஒன்றும் கிடைக்காது. ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, அதனால் நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் முழுப் பணத்துக்கும் வழி உண்டு. அதையும் வண்டி உண்மையில் புறப்படுவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். அப்படிப்பட்ட கோரிக்கைகளைச் சரிபார்க்கும்போது ரயில்வே எடுத்துப் பார்ப்பது அன்று டி.டி.இ. செய்த அந்த வந்தார், வரவில்லை பதிவைத்தான்.